எல்லாக் கணங்களுக்கும் ஒரு நீளம்

பகவதிப்பெருமாள் அந்த விடைத்தாளில் பதினைந்தாம் கேள்விக்கு முதலில் பூஜ்யம்தான் போட்டார். போட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, திருப்பிய கையோடு மறுபடியும் பின்னால் வந்தார்.

எம்.எஸ்சி கணிதம், நிகழ்தகவுத் தாள். விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி நான்காம் நாள். பாளையத்தில் ஒரு கல்லூரியின் மாடி ஹாலில் பன்னிரண்டு ஆசிரியர்கள் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வேளைக்குப் பதினாறு தாள். தாளில் மாணவர் பெயர் இருக்காது, பதிவெண்ணும் இருக்காது. அதைக் கிழித்துவிட்டு ஒரு போலி எண்ணைப் போட்டிருப்பார்கள். கேள்வி எடுத்தவர், அதாவது கேள்வித்தாள் தயாரித்தவர், யாரென்று திருத்துகிறவருக்குத் தெரியாது, திருத்துகிறவர் யாரென்று கேள்வி எடுத்தவருக்கும் தெரியாது. கையில் இருப்பது கேள்வி எடுத்தவரே எழுதிக்கொடுத்த விடைக்குறிப்பு மட்டும். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். அதை ‘ஸ்கீம்’ என்பார்கள். ஸ்கீம் சொன்னால் சொன்னதுதான்.

பதினைந்தாம் கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். சுற்றளவு ஒன்று உள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்க. அதன் ஒவ்வொரு உட்கணத்துக்கும் ஒரு நீளம் தர வேண்டும். கணத்தைச் சுழற்றி வைத்தால் நீளம் மாறக்கூடாது. ஒன்றோடொன்று சேராத சில துண்டுகளை ஒட்டினால் அவற்றின் நீளங்களைக் கூட்டியது வர வேண்டும். முழு வளையத்தின் நீளம் ஒன்று. இப்படி எல்லா உட்கணங்களுக்கும் நீளம் தர முடியாது என நிறுவுக, பத்து மதிப்பெண். நிகழ்தகவுக்கு சிக்மா அல்ஜீப்ரா ஏன் வேண்டியிருக்கிறது என இதிலிருந்து விளக்குக, ஐந்து மதிப்பெண்.

எல்லாப் பிள்ளைகளும் எல்லா வருஷமும் மனப்பாடம் செய்கிற நிறுவல் இது. பகவதிப்பெருமாளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வளையத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு பின்னமாக இருந்தால் அவை ஒரே குடும்பம். அப்படி வளையம் முழுக்கக் குடும்பங்களாகப் பிரியும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆளை மட்டும் பொறுக்கி ஒரு கணம் சேர்த்துக்கொள். அந்தக் கணத்தை ஒவ்வொரு பின்ன அளவுக்கும் ஒரு முறை சுழற்றினால் கிடைக்கும் நகல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் வளையத்தை முழுக்க மூடிவிடும். நகல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்தலாம், ஆனால் வரிசைக்கு முடிவில்லை. எல்லா நகலுக்கும் ஒரே நீளம். அந்த நீளம் பூஜ்யத்துக்கு மேலே என்றால் கூட்டிக்கொண்டே போய் ஒன்றைத் தாண்டிவிடும். பூஜ்யம் என்றால் எத்தனை பூஜ்யத்தைக் கூட்டினாலும் பூஜ்யம்தான். ஒன்று எங்கிருந்து வரும்? ஆகவே அந்தக் கணத்துக்கு நீளம் கிடையாது. முடிந்தது.

முந்தைய மூன்று நாளில் இருபத்திரண்டு பேருக்கு இதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். இருபத்து மூன்றாவது தாள்தான் இப்போது கையில் இருந்தது. அதில் குடும்பம், பொறுக்கல், சுழற்றல் எல்லாம் சரியாக வந்து, பாதியில் நின்றுவிட்டது. கீழே நான்கு வரி எழுதியிருந்தது.

“ஏதேனும் ஒரு எண்ணிக்கை நகல்களை எடுத்தால் அவற்றின் நீளங்களின் கூட்டுத்தொகை ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் அப்படித்தான். ஆகவே ஒரு நகலின் நீளம் பூஜ்யம். இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. முடிவில்லாத நகல்களை மொத்தமாகக் கூட்ட கேள்வி எனக்கு அனுமதி தரவில்லை.”

பகவதிப்பெருமாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வித்தாளை எடுத்து மறுபடி வாசித்தார். ‘சில துண்டுகளை ஒட்டினால்’. ஆங்கிலத்தில் ‘முடிவுள்ள எண்ணிக்கை’ என்று தெளிவாகவே இருந்தது. முடிவில்லாத வரிசையைக் கூட்டலாம் என்று எங்கேயும் இல்லை.

அடப் பாவமே. இந்தப் பிள்ளை சொல்வது சரி. முடிவுள்ள கூட்டல் மட்டும் போதும் என்றால் இந்தக் கேள்வியில் முரண்பாடே கிடையாது. கேள்வியே பொய். எழுதிய இருபத்திரண்டு பேரும் கேள்வியைப் பார்க்கவில்லை, மனதில் இருந்ததைப் பார்த்தார்கள். திருத்திய இவரும் அதையேதான் பார்த்திருந்தார்.

ஸ்கீமைத் திருப்பினார். மூன்றாவது படி: ‘ஒவ்வொரு நகலும் பூஜ்யம், எனவே வளையமும் பூஜ்யம்.’ அந்த ‘எனவே’ காற்றில் நின்றது.

பக்கத்து நாற்காலியில் பிரஜின் இருந்தான். காட்டாக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியர். தாளை எட்டிப் பார்த்தான்.

“என்ன சார், ஒரே பேப்பர வெச்சு தபஸ் இருக்கியோ?”

“இங்க பாரு. இந்தப் பிள்ள எழுதினத வாசி.”

பிரஜின் வாசித்தான். “பாதில விட்டிருக்கு. ஸ்கீம் பிரகாரம் ஸீரோ. நானும் இன்னிக்குக் காலத்த இதுபோல ஒண்ணுக்கு ஸீரோ போட்டேன்.”

“நீயுமா?”

“பின்ன? ஸ்டெப் இல்லேன்னா மார்க் இல்ல.” பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. “சார்... இது சரியாணோ?”

“சரிதான்னு தோணுகு.”

“எண்டம்மோ” என்று பிரஜின் நாற்காலியில் சாய்ந்தான்.

தாளின் மற்ற கேள்விகளுக்கு இருபத்திரண்டு மதிப்பெண். நேரமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் போயிருந்தது, கடைசி இரண்டு கேள்விகள் தொடப்படவேயில்லை. தேற முப்பது வேண்டும். விளக்கத்துக்கு உள்ள ஐந்தை முழுக்கக் கொடுத்தாலும் இருபத்தேழுதான். பதினைந்தும் கிடைத்தால் தேறும், இல்லாவிட்டால் தோல்வி.

முகாமின் தலைமை சரோஜம் டீச்சர். பாறசாலைக்காரர். சர்ச் பாட்டுக்குழுவில் பாடிய குரல், ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும். அப்போது சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பகவதிப்பெருமாள் அவரைக் கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை. ஸ்கீம் தப்பு என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் பரீட்சைப் பிரிவு கேள்வி எடுத்தவரிடம் விளக்கம் கேட்கும். பிறகு அவர் கேள்வி எடுக்கத் தடை. யாரோ ஒரு சக ஆசிரியர். ஒரு ராத்திரி யோசித்துக்கொள்ளலாம் என்று தாளைத் தனியே கட்டி வைத்தார்.

வலியசாலையில் வீட்டுக்கு வந்தபோது ஸ்ரீலட்சுமி அடுக்களையில் பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய் தடவி, சுளைகளைப் பிய்த்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கணிதம்தான். நகரத்தின் இன்னொரு கோடியில் இன்னொரு கல்லூரி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். வீட்டில் சண்டை என்று வந்தால் பாதி சண்டை யாருடைய நிறுவல் நீளம் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

“வந்தாச்சா? என்ன மொகம் இப்பிடி இருக்கு? பேப்பர் மோசமா?”

“பேப்பர் நல்லாயிருக்கு, லட்சுமி. கேள்விதான் மோசம்.”

முகாமில் நடப்பதை வீட்டில் சொல்லக்கூடாது என்பது விதி. கேள்வித்தாள் ஊர் முழுக்கக் கிடைக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம். ஸ்கீமைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பகவதிப்பெருமாள் விதியை மதிக்கிற ஆள். ஸ்கீமைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேள்வியைச் சொன்னார். ஒரு பிள்ளை இப்படி மறுத்து எழுதியிருக்கிறது என்று சொன்னார்.

“முடிவுள்ள கூட்டல வெச்சுக்கிட்டு முரண்பாடு கொண்டுவரச் சொல்லுகாரு, எந்த மகானோ. வராது, பாத்துக்கோ.”

ஸ்ரீலட்சுமி சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்தாள். பிரித்த கொட்டையைச் சுளை கிடந்த முறத்திலேயே போட்டாள்.

“ஏன் வராது? எல்லா நகலும் பூஜ்யம்னு ஆயிட்டுல்லா?”

“ஆயிட்டு.”

“பூஜ்யங்களச் சேத்தா பூஜ்யம்தானே?”

“எத்தன பூஜ்யத்த? பத்தா, நூறா, கோடியா? அதுவரைக்கும் சேக்கலாம். முடிவில்லாத வரிசையச் சேக்க உத்தரவு எங்க இருக்கு? ஒத்தப் புள்ளிக்கு நீளம் பூஜ்யம். புள்ளிகளாலதான் வளையம் ஆகியிருக்கு. அதுக்காக வளையம் பூஜ்யமா?”

“அது வேற. புள்ளிகள வரிசைல நிறுத்த முடியாது. நகல்கள நிறுத்தலாம்.”

“நிறுத்தலாம். நிறுத்தினா கூட்டலாம்னு ஒருத்தர் சொல்லணும்லா? அதுதான் எண்ணிடத்தக்க கூட்டல். அதக் கேள்வில குடுக்கலையே.”

அவள் இன்னொரு சுளையைப் பிய்த்தாள். பிறகு, கையைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிறவள்போல, “அப்ப மூணாவது படில ‘எனவே’ன்னு போட்டது...” என்றாள்.

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது.

பகவதிப்பெருமாள் மூன்றாவது படி என்று ஒன்று இருப்பதாகச் சொல்லவே இல்லை.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க அவள் முன்னறையைச் சாத்திக்கொண்டு எழுதினதும், ‘பேப்பர் ஒர்க்’ என்று மட்டும் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. கேள்வி எடுப்பவர் கட்டினவனிடமும் சொல்லக்கூடாது. இவள் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டில் பிறந்த தேதி ஒரு நாள் தப்பாக இருந்ததற்கு மூன்று கடிதம் எழுதித் திருத்தியவள்.

“காப்பி எடுக்கட்டா?” என்றாள்.

“எடு.”

காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அந்தக் கேள்வி எடுத்த ஆளு” என்று தொடங்கினாள். “ஐஞ்சு வருஷத்துக்குள்ள வந்த கேள்வி மறுபடி வரக்கூடாதுன்னு ஒரு ரூல் உண்டு. அதுனால எல்லாரும் எடுக்க கேள்விய கொஞ்சம் மாத்தலாம்னு பாத்திருக்கும். நிபந்தனையக் கொறைச்சா கேள்வி இன்னும் பலமாகும்னு நெனச்சிருக்கும்.”

“நெனச்சிருக்கும்” என்று இவரும் ஒப்புக்கொண்டார். “நல்ல எண்ணம்தான்.”

“நல்ல எண்ணத்துக்கு மார்க் உண்டா?”

“ஸ்கீம்ல இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது; எண்ணெய்க் கை என்பதால் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ள சிக்மா அல்ஜீப்ராவுக்கு என்ன எழுதியிருக்கு?”

அதைச் சொல்வதில் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“அழகா எழுதியிருக்கு, லட்சுமி. ஒரு நாணயத்தச் சுண்டிக்கிட்டே இருக்கோம்னு வெச்சுக்கோ. என்னிக்காவது ஒரு நாள் தலை விழும். அது நிச்சயம்னு சொல்லணும்னா மொதல் தடவை விழ அரை, ரெண்டாவதுல கால், மூணாவதுல அரைக்கால்னு முடிவில்லாமக் கூட்டி ஒண்ணுன்னு சொல்லணும். அந்தக் கூட்டல் இல்லாம நிகழ்தகவுல ஒரு எல்லைத் தேற்றமும் நிக்காது. அதுனால கூட்டல விட முடியாது. கூட்டல வெச்சுக்கிட்டா எல்லாக் கணத்துக்கும் நீளம் கெடைக்காது. ரெண்டுல ஒண்ணத்தான் வெச்சுக்க முடியும். நாம கூட்டல வெச்சுக்கிட்டு, கணங்களக் கொறைச்சுக்கிட்டோம். கொறைச்ச பெறகும் ஒரு கணம் உள்ள இருந்தா அதோட மிச்சமும் உள்ள இருக்கணும், வரிசையாச் சேத்தாலும் உள்ளயே இருக்கணும். அந்தக் கூட்டத்துக்குத்தான் சிக்மா அல்ஜீப்ரான்னு பேரு. இவ்வளவும் ஒண்ணரைப் பக்கத்துல.”

“கேள்வி எடுத்த ஆள விட நல்லாத் தெரியும் போலிருக்கே.”

“திருத்துக ஆள விடவும்தான். நான் இருபத்திரண்டு பேருக்கு கண்ண மூடிக்கிட்டு பத்து போட்டேன்.”

அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் ஆனது அவருக்குத் தெரிந்தது. அந்தத் தைரியத்தில், காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே, மனதில் ஓடிக்கொண்டிருந்ததை வெளியே விட்டார்.

“நான் ஒண்ணு நெனைக்கேன். சத்தமில்லாம அந்தத் தாளுக்குப் பதினஞ்சப் போட்டுட்டு விட்டிரலாம். பிள்ள பாஸாயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

ஸ்ரீலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் பத்தொன்பது வருஷமாக அறிவார்.

“மத்த பதினோரு பேரு மேசைல இதே மாதிரி எழுதின பிள்ளைக இருந்தா?”

பிரஜின் காலையில் போட்ட பூஜ்யம் அவர் கண்முன் வந்தது.

“அவுங்க பூஜ்யம் வாங்கிட்டுப் போகட்டுமா? உங்க மேசைக்கு வராதது அதுக குத்தமா?” என்றாள். “எழுதிக் குடுங்க. நாளைக்கே குடுங்க.”

“அந்த ஆளுக்கு லெட்டர் போகும். ரெண்டு வருஷம் தடை வரும். காலேஜ்ல பேச்சு வரும்.”

“வரட்டும். லெட்டர் வந்தா பதில் எழுதத் தெரியாதா அவளுக்கு?”

‘அவளுக்கு’ என்று சொன்னதை இருவருமே கேட்டார்கள். இருவருமே கேளாததுபோல் இருந்தார்கள். அவர் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, சுளைகளோடு கலந்து கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் சரோஜம் டீச்சர் பகவதிப்பெருமாள் எழுதிக்கொடுத்த குறிப்பை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

“கர்த்தாவே. எனக்கக் கைல நூத்திப்பத்து பேப்பர் வந்து போச்சு சாரே. நானும் பாக்கல்லியே.”

“யாரும் பாக்கல, டீச்சர்.”

“பின்ன இனி என்ன செய்ய? எல்லாத்தையும் கட்டிப் போடுங்க. பதினஞ்சாங் கேள்வில கை வைக்கப் பிடாது.” குரல் ஹாலின் மறுகோடிக்குப் போனது. “கேட்டேளா எல்லாரும்? வேற கேள்விய திருத்துங்க!” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

அன்று மதியம் பரீட்சைப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஸ்ரீலட்சுமி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பகவதிப்பெருமாள் சாதம் வடித்து, ரசம் வைத்து, அப்பளம் இரண்டைக் கருக்கி, கதவைத் தட்டாமல் காத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் பதினொரு மணிக்கு, சாயாவும் பழம்பொரியும் வந்த நேரத்தில், சரோஜம் டீச்சர் ஒரு காகிதத்தோடு எழுந்து நின்றார். மேலேயும் கீழேயும் பெயர் இருந்த இடம் மறைக்கப்பட்டிருந்தது.

“கேள்வி எடுத்த ஆள் பதில் எழுதியிருக்கு. எல்லாரும் கேக்கணும்னு எனக்கு ஆசை. வாசிக்கட்டா?”

வாசித்தார்.

“ஒன்று. கேள்வி தவறு. அச்சுப்பிழை அல்ல, என் பிழை. இரண்டு. பிழை விடைக்குறிப்பின் மூன்றாவது படியில் உள்ளது. ஒவ்வொரு நகலின் நீளமும் பூஜ்யம் என்பது வரை சரி. அதிலிருந்து வளையத்தின் நீளம் பூஜ்யம் என்று போக எண்ணிடத்தக்க கூட்டல் வேண்டும். அதை நான் கேள்வியில் கொடுக்கவில்லை. கொடுக்காததை விடைக்குறிப்பில் எடுத்துக்கொண்டேன். மூன்று. இந்த இடத்தில் நின்றுவிட்ட மாணவர்கள் சரியாக நின்றார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். நான்கு. வழக்கமான நிறுவலை எழுதியவர்கள் நான் கொடுக்காததைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். அவர்களை அந்த வழியில் இழுத்துவிட்டது என் கேள்விதான். பரீட்சை ஹாலில் கேள்வியை நம்புவது மாணவரின் குற்றம் அல்ல. ஆகவே அவர்களிடமிருந்தும் குறைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து. எண்ணிடத்தக்க கூட்டலை வைத்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலைதான் சிக்மா அல்ஜீப்ரா என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்கிறேன். அந்தக் கூட்டலை இலவசமாக எடுத்துக்கொண்டது நான்தான். ஆறு. அப்படி நின்ற விடைத்தாள்களின் நகல் கிடைக்க விதி இருக்குமானால், வாசிக்க விரும்புகிறேன்.”



“இதாக்கும் பதிலு” என்றார் சரோஜம் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “முப்பது வருஷத்துல இப்பிடி ஒரு விளக்கம் நான் கண்டதில்ல. ‘டைப்பிங் மிஸ்டேக்’னு எழுதுகவங்களத்தான் கண்டிருக்கேன். செரி, முழு மார்க் போடுங்க.”

“யாரா இருக்கும் சார் இது?” என்று பிரஜின் குனிந்து மெதுவாகக் கேட்டான். காலையிலேயே தன் கட்டைப் பிரித்து அந்தத் தாளைத் தேடி எடுத்து வைத்திருந்தான். “எந்த காலேஜ்?”

“எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார் பகவதிப்பெருமாள். சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் தாம் போட்ட பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் பதினைந்து எழுதி, கையெழுத்துப் போட்டார். மொத்தம் முப்பத்தேழு.

சாயங்காலம் வீட்டில் அவள் கேட்கவில்லை; அவராகவும் உடனே சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, பாத்திரம் ஒழுங்குபடுத்தும்போது, “அந்தப் பிள்ள பாஸாயாச்சு. இன்னும் மூணு பேரு உண்டாம், மத்த மேசைகள்ல” என்றார்.

ஸ்ரீலட்சுமி கையிலிருந்த தட்டைத் தட்டடுக்கில் வைத்தாள்.

“அந்த ஆளுக்கு?”

“ரெண்டு வருஷம் கேள்வி எடுக்க வேண்டாம்னு சொல்லிருவாங்க போல.”

“நல்லதாப் போச்சு. ஜனவரில மனுஷி நிம்மதியா இருக்கலாம்.”

“லெட்டர் வாசிச்சாங்க” என்றார். “நாலாவது பாயிண்ட் கொஞ்சம் நீளம்.”

“உங்க எந்த நிறுவல விட?”

அவள் கையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளா மண்டைல ஓடுகு. முடிவுள்ள கூட்டல் மட்டும் போதும்னா, எல்லாக் கணத்துக்கும் நெசமாவே நீளம் குடுத்திர முடியுமா? முரண்பாடு வரலேங்கது ஒண்ணு. குடுத்துக் காட்டுகது வேற.”

“முடியும்னு தேற்றம் உண்டு. படிச்சிருக்கோம்.”

“நிறுவல் தெரியுமா?”

பகவதிப்பெருமாள் யோசித்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லத் தெரியாத ஒன்று.

“தெரியாது” என்றார்.

“எனக்கும் தெரியாது. நாளைக்கு ஞாயிறுதானே? உக்காருங்க.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அவள் முதல் வரியை எழுதினாள். அவர் குனிந்து வாசித்து, “இந்த ‘எனவே’ எதுலேருந்து வருகு?” என்று கேட்டார்.